நாலு ரவுண்டு, பன்னிரண்டு நிமிஷம்

நாற்பத்திரண்டு வயது வரை நான் பஸ்ஸைப் பிடிப்பதற்குக்கூட ஓடியதில்லை. ஒன்று போனால் இன்னொன்று வரும், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கா பஞ்சம் என்று நின்றுவிடுகிற ஆள். அப்படிப்பட்ட என்னை ஓட வைத்தது என் வாய்தான்.

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை நான்கு நாள் மலை ஏறும் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பெண்களும் போகலாம் என்று முடிவானது. இருபத்திரண்டு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். முகாம்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: பெண்கள் வந்தால் கூடவே பெரியவர்களாக இரண்டு பெண்கள் வர வேண்டும். ஒருத்தி எங்கள் பி.டி. மிஸ். இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, படிக்கட்டையே இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறவள். இன்னொருத்திக்கு ஆள் இல்லை. ஒரு மிஸ்ஸுக்குக் கைக்குழந்தை, ஒரு மிஸ்ஸுக்கு மாமியார், ஒரு மிஸ்ஸுக்கு முட்டி. ஆள் இல்லாவிட்டால் பெண்கள் பட்டியலையே கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதான், பையன்கள் மட்டும் போகட்டும் என்று எச்.எம். மேடம் ஸ்டாஃப் ரூமில் வந்து சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதென்ன மேடம், பசங்களுக்குன்னா நாலு சார் கிடைக்கிறாங்க, பொண்ணுங்களுக்குன்னா ஒரு பொம்பளை கிடைக்க மாட்டாளா?" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எச்.எம். சிரித்தபடி பேனாவைத் திறந்து என் பெயரை எழுதினார்.

அந்தப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை நான் வீட்டுக்குப் போய்த்தான் படித்தேன். கூட வரும் பெரியவர்கள் டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். அதோடு, பன்னிரண்டு நிமிடத்தில் குறைந்தது ஆயிரத்து அறுநூறு மீட்டர் கடக்க வேண்டும். கடந்த தூரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு நவம்பர் நடுவுக்குள் அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஆயிரத்து அறுநூறு மீட்டரா? நீ மார்க்கெட்டுக்கே ஆட்டோல போறவளாச்சே" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசத்தோடு முடித்துவிட்டேன், பொரியல் கிடையாது.

மறுநாள் நான் கேட்காமலே பி.டி. மிஸ் வந்து விளக்கினாள். "சிம்பிள் மிஸ். பன்னெண்டு நிமிஷம். உங்களால எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம். ஓடலாம், முடியலைன்னா நடக்கலாம், மறுபடி ஓடலாம். விசில் அடிச்சதும் நின்ன இடத்துல நிக்கணும். அந்தத் தூரம்தான் உங்க மார்க். இப்ப ஒண்ணு எடுத்து வெச்சுக்குவோம். ஆறு வாரம் கழிச்சு அதே மாதிரி இன்னொண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் நீங்க முன்னேறினீங்களான்னு தெரியும்." முதலில் டாக்டரிடம் அனுப்பினாள். பி.பி., ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்து, ஓடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மைதானத்துக்கு வரச் சொன்னாள்.

எங்கள் ஏரியாவில் காலையில் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மைதானம்தான். சுற்றிலும் ஒரு மண்பாதை. வாசலில் 'நடைபாதை 400 மீ' என்று ஒரு பலகை. அங்கே யாரும் கிலோமீட்டர் பேசுவதில்லை, ரவுண்டுதான். "இன்னிக்கு எத்தனை ரவுண்டு?" "எட்டு." "எனக்கு ஆறுதான், கால் வலி." அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதே பாஷை தொற்றிக்கொண்டது. ஆயிரத்து அறுநூறு என்றால் நாலு ரவுண்டு. பன்னிரண்டு நிமிஷத்தில் நாலு ரவுண்டு என்றால் ஒரு ரவுண்டுக்கு மூன்று நிமிஷம். கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் மனக்கணக்கு. கணக்கு கால்களுக்குப் புரிய வேண்டுமே.

ஆகஸ்ட் கடைசியில் முதல் டெஸ்ட். பத்து நிமிஷம் நடக்க வைத்து உடம்பைச் சூடாக்கினாள். "மெதுவா ஆரம்பிங்க மிஸ், முதல் ரவுண்டுல மூச்ச எல்லாம் செலவு பண்ணிடாதீங்க" என்று பத்து தடவை சொன்னாள். விசில் அடித்ததும் நான் எதைக் கேட்டேன்? நடக்கிற தாத்தாக்கள் முன்னால் மானம் போகக் கூடாது என்று பாய்ந்தேன். இரண்டாவது நிமிஷத்தில் தொண்டை காய்ந்தது, மூன்றாவது நிமிஷத்தில் விலாவில் குத்தியது, நான்காவது நிமிஷத்தில் நடந்துகொண்டிருந்தேன். தாத்தாக்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். விசில் அடித்தபோது மூன்று ரவுண்டும் கொஞ்சமும் ஆகியிருந்தது. அந்தக் கொஞ்சத்தை அவள் எட்டு வைத்து அளந்து அறுபது மீட்டர் என்றாள். மொத்தம் ஆயிரத்து இருநூற்று அறுபது.

"இதுல இருந்து ஐநூத்தி அஞ்சு கழிச்சு, நாப்பத்தி நாலு புள்ளி ஏழால வகுங்க மிஸ்" என்றாள். வகுத்தேன். பதினேழுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நம் உடம்பு ஒரு நிமிஷத்தில், ஒரு கிலோ எடைக்கு, அதிகபட்சம் எத்தனை மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதற்கான உத்தேச மதிப்பாம் அது. "பாதி நடந்ததால இது ரொம்பத் துல்லியம்னு சொல்ல முடியாது. தூரத்தையே பாருங்க போதும்" என்றாள். என் வயதுப் பெண்களுக்கான அட்டவணையையும் காட்டினாள். சராசரிக்குக் கீழே இருந்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் நான் எதிலும் சராசரிக்குக் கீழே இருந்ததில்லை. அழுகைதான் வந்தது.

சரி, ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் போனேன். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. பிறகு இரண்டு ஓட்டம், ஒன்று நடை. செப்டம்பர் முழுக்க அப்படித்தான் போனது. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் மழை என்றால் தெரியும்தானே, முடிச்சூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மாடியேறி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கு லீவு, மைதானத்தில் தண்ணீர். இரண்டு வாரம் எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கிலேயே கார்களுக்கு நடுவில் ஓடினேன். வாட்ச்மேன் நாற்காலியை நகர்த்தி வழி விட்டான்.

நவம்பரில் மழை விட்ட முதல் காலை. படிவம் அனுப்ப இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. பி.டி. மிஸ் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தாள். "போன தடவை மாதிரியே எல்லாம் பண்ணுங்க மிஸ். அதே நேரம், அதே ஷூ, அதே பாதை" என்று போனில் சொல்லியிருந்தாள். இருட்டு இன்னும் விலகவில்லை, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் தண்ணீர் நின்றது தெரிந்தது. முன்னால் ஐந்தாறு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். ஓரமாகச் செங்கல் துண்டுகள் வரிசையாக இருந்தன. எல்லோரும் அந்தச் செங்கல்லை ஒட்டித் திரும்ப, நானும் திரும்பினேன். போனில் பன்னிரண்டு நிமிஷம் அலாரம். இந்தத் தடவை பாயவில்லை, நிதானமாகத்தான் ஓடினேன். மூன்று ரவுண்டு முடிந்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, நேரம் மிச்சமிருந்தது. நாலு முடிந்தது. அலாரம் அடித்தபோது நாலரை.

நாலரை ரவுண்டு! ஆயிரத்து எண்ணூறு! கழித்து வகுத்தேன், இருபத்தொன்பது வந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து பி.டி. மிஸ்ஸுக்கு போன் செய்தேன். "ஆறு வாரம்னு நெனச்சோம், பத்து வாரத்துக்கு மேல ஆயிடுச்சு, சரி... இருந்தாலும் ஐநூத்தி நாப்பது மீட்டர் கூடியிருக்கா? நெஜமாவா மிஸ்? ரவுண்டு சரியா எண்ணினீங்களா?" என்று இழுத்தாள். எனக்கு வந்ததே கோபம். "நான் கணக்கு டீச்சர்மா, நாலரை வரைக்கும் எண்ணத் தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

படிவத்தில் 1800 என்று எழுதி எச்.எம்.மிடம் கொடுத்தேன். அன்று மத்தியானமே அது போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் போய்ச் சொன்னேன். இருபத்திரண்டு பெண்களும் எழுந்து நின்று கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு சார் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். ஸ்வெட்டர் யார் யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

டிசம்பரில் மைதானம் காய்ந்தது. ஒரு நாள் காலை, எங்கே இரண்டாயிரத்தைத் தொடுகிறேனா பார்ப்போம் என்ற திமிரில் மறுபடி அலாரம் வைத்து ஓடினேன். மூன்று ரவுண்டும் ஒரு கால் ரவுண்டும்தான் வந்தது. ஆயிரத்து முந்நூறு! ஏதோ தப்பு என்று மறுநாளும் ஓடினேன். அதே மூன்றேகால். அதற்கு மறுநாள் மூன்று. நாலாவது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி மூன்றரை.

எனக்குத் தலை சுற்றியது. ஒரு மாதத்தில் நானூறு ஐநூறு மீட்டர் எங்கே போயிருக்கும்? ரத்த சோகையோ என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், எல்லாம் நார்மல். தைராய்டு பார்த்தேன், நார்மல். ஷூ தேய்ந்துவிட்டதோ என்று புது ஷூ வாங்கினேன், கால் கட்டைவிரலில் கொப்புளம் போட்டதுதான் மிச்சம். அம்மா போனில் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கச் சொன்னாள். வீட்டுக்காரர், "மழைக் காத்துல உனக்கு ஆக்சிஜன் ஜாஸ்தி கிடைச்சிருக்கும்" என்று ஒரு கண்டுபிடிப்பு சொன்னார். சொன்னதில் கேலி எது, நிஜம் எது என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் ஆயிரத்து எண்ணூறும் ஆயிரத்து முந்நூறும் மாறி மாறி ஓடின. எது நான் என்றே தெரியவில்லை. இருபத்திரண்டு பெண்களை மலைக்குக் கூட்டிப்போகப் போகிறவள், வர வர மோசமாகிக்கொண்டே போகிறேனே என்று பயம் பிடித்துக்கொண்டது.

வெட்கத்தை விட்டு பி.டி. மிஸ்ஸிடம் சொன்னேன். முதலில் திட்டினாள். "யாராவது தெனம் டெஸ்ட் எடுப்பாங்களா மிஸ்? இது முழு மூச்சையும் புடுங்கற ஓட்டம். நாலு நாள் வரிசையா ஓடினா நாலாவது நாள் கால் எப்படி இருக்கும்? அது உங்க ஃபிட்னஸ் இல்ல, உங்க களைப்பு." அப்புறம் யோசித்தாள். "ஆனாலும் இவ்ளோ வித்தியாசம் வராதே. நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் வாசலில் நின்றே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த உள் பக்கம் இன்னொரு தடம் தெரியுதே, அது என்ன?" என்று கேட்டாள். வழக்கமான பாதைக்கு உள்ளே, மைதானத்தின் குறுக்கே வளைந்து, புல் மிதிபட்டு ஒரு தடம் இருந்தது. அதன் ஓரமாகச் செங்கல் துண்டுகள். அப்போது அந்தப் பக்கமாக நடந்து வந்தவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். எல்லோரும் கார்டு சார் என்பார்கள். அவரே பெருமையாகச் சொன்னார்: "அது நான் போட்டதும்மா. வருஷா வருஷம் மழைக்கு அந்தக் கோடி முழுக்கத் தண்ணி நின்னுடும். யாரும் சேத்துல விழுந்துடக் கூடாதுன்னு செங்கல் வெச்சு உள்ளுக்குள்ள திருப்பி விட்டுடுவேன். தண்ணி வடிஞ்சதும் பழையபடி வெளியில."

"அப்ப ரவுண்டு சின்னதாயிடுமே சார்?" என்றாள் பி.டி. மிஸ்.

"ரவுண்டு ரவுண்டுதானேம்மா" என்றார் அவர். "மழையில வந்து எட்டு ரவுண்டு நடக்கறதே பெரிசு, அதுல சின்னது பெரிசு பாக்கறதா?"

பள்ளியில் நீளம் தாண்டுவதை அளக்கும் முப்பது மீட்டர் டேப்பை அவள் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பேரும் குனிந்து குனிந்து அளந்தோம். வெளிப்பாதை சரியாக நானூறு, பலகை பொய் சொல்லவில்லை. மழைப் பாதை முந்நூற்று எட்டு. நாலரையை முந்நூற்றெட்டால் பெருக்க எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக நான் மோசமாகவே இல்லை. நவம்பரில் நன்றாக ஓடவும் இல்லை. ஆகஸ்டில் ஆயிரத்து இருநூற்று அறுபது, நவம்பரில் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு, களைத்துப்போன டிசம்பரில் ஆயிரத்து நானூறு. ஆமை மாதிரி என்றாலும் முன்னால்தான் போயிருக்கிறேன். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? பலகையைப் படித்து, அதை ரவுண்டால் பெருக்கி, பாதை மாறியதைக் கவனிக்காமல் விட்ட கணக்கு டீச்சரை என்ன செய்வது? ஆயிரத்து அறுநூறை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. ஆனால் 1800 என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

எச்.எம்.மிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "போனது போனதா இருக்கட்டும் மிஸ். அங்க வந்து டேப் வெச்சா அளக்கப்போறாங்க? பேரன்ட்ஸ் எல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு. பொண்ணுங்க ஆசையைக் கெடுக்காதீங்க" என்றார். பொய் சொல்லச் சொல்கிறாரா, இரக்கப்படுகிறாரா என்று புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் நான் அப்படியே விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அந்தப் பெண்கள் காரிடாரில் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது?

பி.டி. மிஸ் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "மேல ஒரு பொண்ணுக்கு மூச்சு முட்டினா நான் அவளைத் தூக்கிட்டு இறங்கிடுவேன் மிஸ். மீதி இருபத்தோரு பேரோட நீங்க தனியா ஏறணும், இறங்கணும். நீங்களே உட்கார்ந்துட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? அதுக்குத்தான் அந்த நம்பர்."

முகாம்காரர்களுக்கு அன்றே போன் செய்து தப்பைச் சொன்னேன். கோபிக்கவில்லை. ஜனவரி முதல் வாரத்துக்குள் சரியான தூரம் அனுப்புங்கள், உங்களால் முடியாவிட்டால் பள்ளி சார்பில் வேறு எந்தப் பெண் வந்தாலும் சரி, டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்றார்கள். மூன்று வாரம் இருந்தது. தினமும் டெஸ்ட் எடுப்பதை விட்டுவிட்டு, பி.டி. மிஸ் சொன்னபடி ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் ஓய்வு என்று இருந்தேன். ஒரு ரவுண்டை மூன்று நிமிஷத்தில் ஓடி, நின்று, மறுபடி மூன்று நிமிஷத்தில் ஓடி, அந்த வேகத்தைக் காலுக்குப் பழக்கினாள்.

அந்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். நடந்த தப்பு, சரியான தூரம், நான் தேறாமல், வேறு ஆளும் கிடைக்காவிட்டால் பெண்கள் போக முடியாது, எல்லாவற்றையும். ஒரு அப்பா உடனே, "அப்ப விடுங்க மிஸ், பசங்க மட்டும் போகட்டும். பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த ரிஸ்க்கெல்லாம்" என்றார். நாலைந்து தலைகள் ஆடின. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. என்னால்தானே இந்த ஆளுக்கு இந்தப் பேச்சுப் பேச வாய்ப்புக் கிடைத்தது.

பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தாள். அவள் மகள் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்ச். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், கல்யாணமாகி இங்கே வந்தவள். மீன் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெருங்களத்தூர் தெருக்களில் விற்கிறவள். எங்களுக்கெல்லாம் அவள் மீனம்மா.

"மிஸ், டீச்சர்தான் போவணுமா, இல்ல யாரு வேணா போலாமா?"

"யாரு வேணா போலாம்மா. ஆனா அந்த ஓட்டம் ஓடணும்."

"அப்ப நானும் ஓடிப் பாக்கறேன். நெதம் கூடையத் தூக்கிகினு அபார்ட்மென்டு மாடி மாடியா ஏறி எறங்கறேன், பன்னெண்டு நிமிஷம் சும்மா கைய வீசிகினு ஓட முடியாதா? எம்பொண்ணு ஒரு மாசமா சொட்டரு சொட்டருன்னு பேஜார் பண்ணிகினு கீது." பிறகு அந்த அப்பாவைப் பார்த்து, "ரிஸ்க்காம், இன்னா ரிஸ்க்கு? உங்க பொண்ணு வேணான்னா வேணாம், எம்பொண்ணு போவும்" என்றாள்.

சிரிப்பு பரவியது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்றது. நான் தேறிவிட வேண்டும், இவளுக்குத் தேவையே இல்லாமல் போக வேண்டும் என்று அந்த நிமிஷமே மனசு ஆசைப்பட்டது. என்ன மனசோ!

பி.டி. மிஸ் அவளையும் டாக்டரிடம் அனுப்பி சான்றிதழ் வாங்கினாள். இரண்டு நாள் அவளை மைதானத்தில் சும்மா ஓடவிட்டுப் பார்த்தாள். ஜனவரி முதல் வாரம், பனி இறங்கியிருந்த ஒரு காலை, வெளிப்பாதையில் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே டெஸ்ட் வைத்தாள். கார்டு சார் அவராகவே அந்தச் செங்கல் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்தார். மீனம்மா மகளின் டிராக் பேன்ட் போட்டு, மேலே ஒரு குர்தா, தோளில் ஒரு துண்டு. ஷூ வேண்டாம், பழக்கமில்லை, தடுக்கிவிடும் என்று வெறுங்காலோடு நின்றாள்.

விசில். முதல் ரவுண்டு சரியாக மூன்று நிமிஷம். என் காதருகில் அவள் மூச்சு கேட்டது. இரண்டாவது முடியும்போது, "ஆறு ரெண்டு!" என்று பி.டி. மிஸ் கத்தினாள். இரண்டு செகண்ட் பின்தங்கியிருக்கிறேன், பரவாயில்லை, பிடித்துவிடலாம். மூன்றாவதில் மீனம்மா என்னைத் தாண்டினாள். தாண்டும்போது திரும்பி, "வா மிஸ், வா வா" என்றாள். தொடை கல்லாகிவிட்டது. "ஒம்போது பத்து!" என்று கேட்டது. மிச்சம் இரண்டு நிமிஷம் ஐம்பது செகண்ட், ஒரு முழு ரவுண்டு பாக்கி. அந்த ரவுண்டில் நான் எதையும் யோசிக்கவில்லை. நடக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அடிகூட நடக்காமல் பன்னிரண்டு நிமிஷமும் ஓடினேன். ஆரம்பக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. விசில் அடித்துவிட்டது.

நின்ற இடத்தில் நின்றேன். டேப் வந்தது. "ஆயிரத்து ஐநூத்தி அறுபத்ரெண்டு" என்றாள் பி.டி. மிஸ், தரையைப் பார்த்தபடி. மீனம்மா கோட்டைத் தாண்டி இன்னும் தள்ளி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்கு ஆயிரத்து அறுநூற்று எழுபது.

எனக்கு முப்பத்தெட்டு மீட்டர் குறைவு. அது எவ்வளவு தூரம் என்று பார்க்க நான் கோடு வரைக்கும் நடந்து போனேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் இருந்து முந்நூற்று இரண்டு மீட்டர் கூடியிருக்கிறது, மிஸ், பாதை அதே, ஷூ மட்டும்தான் வேற, இது நிஜமான முன்னேற்றம், அட்டவணையில் சராசரிக்குள் வந்துவிட்டீர்கள் என்று பி.டி. மிஸ் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். கோட்டில் நின்றதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மீனம்மா ஓடிவந்தாள். தோளிலிருந்த துண்டை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இன்னாத்துக்கு மிஸ் அழுவுற? பொண்ணுங்க போவுதுங்க இல்ல?"

"போகுதுங்க" என்றேன்.

"அப்பறம் இன்னா?"

நான் கேட்டது அதைத்தான், அது கிடைத்துவிட்டது. ஆனால் அவர்களோடு நான் போகவில்லை.